ஒரே 1.40, இரண்டு நுரையீரல்கள்

மேசையில் இரண்டு ஸ்பைரோமெட்ரி தாள்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் 58 வயது ஆண்களுடையவை, உயரமும் ஒன்றே. முதலாமவர் முப்பது ஆண்டுகள் பீடி பிடித்தவர். இரண்டாமவர் புகையைத் தொடாதவர், ஓராண்டாக வறட்டு இருமலோடு இருப்பவர். முதல் நொடியில் ஊதி வெளியேற்றிய காற்று, அதாவது எஃப்இவி1, இருவருக்கும் 1.40 லிட்டர். இந்த வயதுக்கும் உயரத்துக்கும் எதிர்பார்க்கும் அளவு 2.70 என்றால், இருவருமே ஏறக்குறைய பாதியில் நிற்கிறார்கள். மாடிப்படி ஏறும்போது இருவருக்கும் ஒரே மூச்சிரைப்புதான்.

ஒரு வரி தள்ளிப் பார்த்தால் பாதை பிரிகிறது. கடைசிவரை ஊதித் தீர்த்த மொத்தக் காற்று, எஃப்விசி, முதலாமவருக்கு 2.80, இரண்டாமவருக்கு 1.65. எதிர்பார்ப்பு 3.40. முதல் நொடிக் காற்றை மொத்தக் காற்றால் வகுத்தால் ஒருவருக்கு 0.50, மற்றவருக்கு 0.85. முதலாமவரிடம் காற்று ஓரளவு இருக்கிறது, ஆனால் வெளியேற வழியில்லை. இது அடைப்பு வகை. இரண்டாமவரிடம் வழி தாராளமாக இருக்கிறது, வெளியேறத்தான் காற்றில்லை. இது சுருக்க வகை. 1846இல் ஸ்பைரோமீட்டரை அறிமுகப்படுத்திய ஜான் ஹட்சின்சன் கொள்ளளவைத்தான் அளந்தார். அவருடைய கருவி இந்த இருவரையும் 'குறைவு' என்ற ஒரே பக்கத்தில் எழுதியிருக்கும். ஊதுவதோடு கடிகாரத்தையும் சேர்க்கும் யோசனை 1947இல் பிரான்சில் திஃப்னோவிடமிருந்து வந்தது. அந்த ஒரு நொடிதான் இன்று இருவரையும் பிரித்துக் காட்டுகிறது.

எதிரெதிராகத் தோன்றும் இந்த இரண்டின் வேரைத் தேடினால் ஒரே இடத்தில் போய் நிற்கிறோம் என்பதுதான் வியப்பு. நுரையீரல் ஒரு மீள்பை. உள்ளிழுத்தால் விரியும், விட்டால் தானே சுருங்கும். சிறு மூச்சுக்குழாய்களைச் சுற்றியுள்ள திசு, கூடாரத்தை இழுத்துக் கட்டிய கயிறுகளைப் போல, அவற்றைத் திறந்து வைத்திருக்கிறது. பீடிப் புகை காற்றறைச் சுவர்களை அரித்துவிட்ட எம்ஃபிசிமாவில் கயிறுகள் தளர்ந்துபோகின்றன. பலமாக ஊத ஊதக் குழாய்கள் மடங்குகின்றன. தழும்பேறிய நுரையீரலில் அதே கயிறுகள் விறைத்துப்போகின்றன. பை விரிய மறுக்கிறது, குழாய்களோ வழக்கத்தைவிட அகலமாகத் திறந்தே நிற்கின்றன. அதனால்தான் சுருக்க வகையில் விகிதம் இயல்பாக இருப்பதோடு நிற்காமல் சில வேளை இயல்பையும் தாண்டுகிறது. ஒன்றில் தளர்ச்சி, மற்றொன்றில் விறைப்பு; கெட்டுப்போனது இரண்டிலும் அதே மீள்விசை. (ஆஸ்துமா இந்தக் கணக்குக்குள் வராது. அங்கே குழாயின் தசை இறுகுவதும் உட்சுவர் வீங்குவதும் சளியுமே அடைப்புக்குக் காரணம்.)

விகிதம் எவ்வளவு குறைந்தால் அடைப்பு என்பதிலேயே ஒரு சச்சரவு உண்டு. 0.70 என்ற ஒரே கோட்டை எல்லோருக்கும் வைத்தால், வயதோடு இயல்பாகவே விகிதம் சரியும் முதியவர்கள் சிலர் நோயாளி ஆகிவிடுவார்கள், இளைஞர்கள் சிலர் தப்பிவிடுவார்கள். வயதுக்கேற்ற கீழ்வரம்பைப் பார்ப்பதே நியாயம் என்பது என் கருத்து. நம் முதலாமவரின் 0.50 எந்தக் கோட்டுக்கும் கீழேதான்.

ஆனால் இரண்டு தீர்ப்புகளுக்கும் ஒரே எடை கிடையாது. அடைப்பை ஸ்பைரோமீட்டர் துணிந்து சொல்லலாம். சுருக்கத்தை அது சந்தேகிக்க மட்டுமே முடியும். ஊதி முடித்த பிறகும் உள்ளே தங்கிவிடும் காற்றை இந்தக் கருவி அளப்பதில்லை. நுரையீரலின் மொத்தக் கொள்ளளவைத் தனியே அளந்து, அது குறைந்திருந்தால்தான் சுருக்கம் உறுதி. 1999இல் கனடாவில் வெளியான ஓர் ஆய்வில், தாளில் சுருக்க வடிவம் காட்டியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஆறு பேருக்கே உண்மையான சுருக்கம் இருந்தது. மறுபுறம், மொத்தக் காற்று இயல்பாக இருந்தவர்களில் சுருக்கம் இருந்தது நூற்றுக்கு மூவருக்கும் குறைவு. சுருக்கம் இல்லை என்று சொல்வதில் கெட்டிக்காரக் கருவி, இருக்கிறது என்று சொல்வதில் தடுமாறுகிறது.

தடுமாற்றத்தின் எளிய காரணம் ஊதுபவரிடமே இருக்கலாம். "ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும்" என்று தொழில்நுட்பர் கத்துவது சும்மா அல்ல. மூன்றாம் நொடியிலேயே நிறுத்திவிட்டால் மொத்தக் காற்று குறைவாகப் பதிவாகும், விகிதம் உயரும். அடைப்பு நோயாளிகூடச் சுருக்கக்காரர் போல வேடமிட்டு வருவார். எண்களைப் பார்ப்பதற்கு முன் கனஅளவு–நேர வரைகோட்டைப் பார்க்க வேண்டும். கோடு மேலேறிப் படுக்கைவசமாகச் சமனாகியிருந்தால் நம்பலாம். ஏறிக்கொண்டிருக்கும்போதே அறுந்திருந்தால் மறுபடி ஊதச் சொல்ல வேண்டும்.

இப்போது இருவருக்கும் 400 மைக்ரோகிராம் சால்பியூட்டமால் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மீண்டும் ஊத வைப்போம். இரண்டாமவர் 1.42 ஊதுகிறார், திறந்தே இருக்கும் குழாயை மருந்து மேலும் திறந்து பயனில்லை. முதலாமவர் 1.60 ஊதுகிறார். 200 மில்லிலிட்டர் கூடியிருக்கிறது, பழைய அளவில் அது 14 சதவீதம். 2005ஆம் ஆண்டின் விதி 12 சதவீதமும் 200 மில்லிலிட்டரும் கேட்டது. அதன்படி இவருக்கு மீள்தன்மை உண்டு. 2022இன் விதி, கூடியதை எதிர்பார்க்கும் அளவோடு ஒப்பிட்டு 10 சதவீதத்துக்கு மேல் கேட்கிறது, 2.70இல் 0.20 என்பது 7 சதவீதம்தான், எனவே இல்லை. ஊதியது ஒரே ஊதல், தீர்ப்பு இரண்டு. பழைய விதியில், தொடக்க அளவு எவ்வளவு சிறியதோ அவ்வளவு எளிதாகச் சதவீதம் ஏறிவிடும். புதியது அந்தச் சலுகையை எடுத்துவிட்டது.

மீள்தன்மை இருந்தால் ஆஸ்துமா, இல்லாவிட்டால் சிஓபிடி என்று இதைப் படிப்பது பரவலான பழக்கம். அது சரியல்ல. சிஓபிடி நோயாளிகள் பலர் மருந்துக்கு இணங்குகிறார்கள்; நன்றாக இருக்கும் நாளில் ஊதும் ஆஸ்துமாக்காரருக்கு அளவு மேலும் உயர இடமே இருக்காது. கவனிக்க வேண்டியது, மருந்துக்குப் பிறகும் விகிதம் இயல்புக்கு ஏறியதா என்பது. முதலாமவரின் மொத்தக் காற்றும் 3.10 ஆக உயர்ந்ததால் விகிதம் 0.52இலேயே நிற்கிறது. அவருடைய அடைப்பு போகவில்லை.

மருந்தின் இன்னொரு வேலை மூன்றாவது தாளில் தெரியும். இவரும் அதே வயது, அதே உயரம்; முதல் நொடி 1.50, மொத்தம் 2.10, விகிதம் 0.71. விகிதம் கீழ்வரம்பைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது, மொத்தமோ நன்றாகக் குறைந்திருக்கிறது. சுருக்கம் என்றே எழுதத் தோன்றும். மருந்துக்குப் பிறகு முதல் நொடி 1.95, மொத்தம் 2.70. விறைத்த நுரையீரல் கால் மணி நேரத்தில் 600 மில்லிலிட்டர் தளராது. சிறு குழாய்கள் மூடி உள்ளே சிறைப்பட்டிருந்த காற்றுதான் வெளியே வந்தது. விகிதம் 0.72, அது ஏறக்குறைய அசையவே இல்லை. முதல் நொடியும் மொத்தமும் சேர்ந்தே ஏறியதால், விகிதத்தை மட்டும் பார்ப்பவர் இதைத் தவறவிடுவார். சுருக்கத்தின் சட்டையை அணிந்து வந்த அடைப்பு இது.

தளர்ச்சியும் விறைப்பும் ஒரே மார்புக்குள் குடியேறினால் என்ன ஆகும்? 2005இல் வின்சென்ட் கோட்டினும் அவருடைய குழுவினரும் பிரான்சில் இத்தகைய 61 பேரைப் பற்றி எழுதினார்கள்: மேல்பகுதியில் எம்ஃபிசிமா, கீழ்ப்பகுதியில் தழும்பு. ஒன்று கொள்ளளவைப் பெருக்குகிறது, மற்றொன்று குறைக்கிறது. ஒன்று குழாயை மடக்குகிறது, மற்றொன்று இழுத்துப் பிடிக்கிறது. இரண்டு நோயும் ஒன்றையொன்று ஈடுசெய்ய, தாளில் எண்கள் ஏறக்குறைய இயல்பாகவே அச்சாகின்றன. ரத்தத்துக்குள் வாயு கடக்கும் திறனை அளக்கும் சோதனையோ பாதிக்கும் கீழே விழுகிறது. ஸ்பைரோமெட்ரி அறையில் நல்ல பெயர் வாங்கிய அந்த மனிதர், வராந்தாவின் கடைசிவரை நடப்பதற்குள் விரல்நுனிக் கருவியில் ஆக்சிஜன் இறங்கிக்கொண்டிருக்கும்.