நஷ்டத்தை விலைக்கு வாங்கலாமா?

வாணிபத்தில் ஓர் ஆண்டு நஷ்டமும் மறு ஆண்டு லாபமும் வருவது இயல்பு. ஆதலால், முந்திய ஆண்டின் வியாபார நஷ்டத்தைப் பின்வரும் எட்டு ஆண்டுகள் வரை லாபத்தில் கழித்துக்கொள்ள நம் நாட்டு வருமான வரிச் சட்டம் இடமளிக்கிறது. தனி மனிதர் ஒருவர் தம் கடையை விற்றுவிட்டால், வாங்கியவருக்கு அவருடைய பழைய நஷ்டம் சேராது. கம்பெனியின் நிலை வேறு. பங்குகள் கைமாறினாலும் கம்பெனி சட்டத்தின் கண்ணில் அதே கம்பெனிதான். நஷ்டமும் அதனோடேயே நிற்கும். சூழ்ச்சிக்கு வழி திறந்தது இங்கேதான்.

பத்து லட்சம் ரூபாய் பழைய நஷ்டம் கொண்ட ஒரு சிறு துணி வியாபாரக் கம்பெனி இருக்கிறது. சொத்து ஏதும் இல்லை. லாபம் காணும் வேறொரு துணி வியாபாரி அதன் பங்குகளை ஒரு லட்சத்துக்கு வாங்குகிறார். தம் வியாபாரத்தை அதன் பெயரில் நடத்திப் பத்து லட்சம் லாபம் காட்டுகிறார். வரி நூற்றுக்கு முப்பது என்று கொண்டால் மூன்று லட்சம் கட்ட வேண்டும். பழைய நஷ்டத்தைக் கழிப்பதால் ஒன்றும் கட்டுவதில்லை. அவர் வாங்கியது வியாபாரத்தையன்று, நஷ்டத்தையே!

இதைத் தடுக்கவே 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 79-ஆம் பிரிவு வந்தது. பொதுமக்கள் பெருமளவில் பங்கு கொள்ளாத கம்பெனிகளுக்கே அது உரியது. நஷ்டம் ஏற்பட்ட ஆண்டின் கடைசி நாளில் பங்கு வைத்திருந்தவர்களே, நஷ்டத்தைக் கழிக்கும் ஆண்டின் கடைசி நாளிலும் வாக்குரிமையில் நூற்றுக்கு 51-க்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். இருவர் 60-ம் 40-ம் வைத்திருந்ததாகக் கொள்வோம். முதலாமவர் 45-ஐ விற்றால் பழையவர்களிடம் 55 எஞ்சும்; நஷ்டம் பிழைக்கும். அறுபதையும் விற்றால் எஞ்சுவது 40, நஷ்டம் காலாவதியாகும்.

வரியைக் குறைக்கும் நோக்கமின்றி நடந்த மாற்றம் என்று அதிகாரி திருப்தியடைந்தால் முதலில் விலக்கு இருந்தது. மனத்தின் நோக்கத்தை அளப்பது எளிதன்று. 1988-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அந்த வாசலை அடைத்துவிட்டது. அதன்பின் பங்கேட்டின் கணக்கே தீர்ப்புச் சொன்னது.

கணக்கோ நல்லவரையும் அல்லவரையும் பிரித்தறியாது. நொடித்த கம்பெனியை மீட்க உண்மையாகவே முதலிட்டவரும் நஷ்டத்தை இழந்தார். எனவே பங்குதாரர் இறந்து வாரிசு பெறும் பங்குக்கும், உறவினருக்கு அளிக்கும் தானத்துக்கும் விலக்குத் தரப்பட்டது. திவால் சட்டத்தின்படி ஏற்கப்பட்ட மீட்புத் திட்டத்துக்கு 2018-இல் விலக்கு வந்தது. தேய்மானக் கழிவின் பாக்கியை இப்பிரிவு தொடுவதுமில்லை. பழைய சட்டத்துக்கு மாற்றாக 2025-இல் இயற்றப்பட்ட சட்டமும் இவ்விதியைக் கைவிடவில்லை.

நஷ்டத்தைச் சுமந்தவருக்கே அதன் கழிவு உரியது என்பதே இவ்விதியின் உட்கருத்து.