கிளர்வு மட்டத்தில் மூலக்கூறுகளின் பங்கு

வெப்பச் சமநிலையிலுள்ள வளிமத்தில் எத்தனை மூலக்கூறுகள் கிளர்வுற்ற ஆற்றல் மட்டத்தில் இருக்கும் என்பதை போல்ட்ஸ்மான் பரவல் தருகிறது. அயோடின் ஆவியில் அடுத்தடுத்த அதிர்வு மட்டங்களின் இடைவெளி சுமார் 214 செ.மீ⁻¹. 300 கெல்வினில் kT-யின் மதிப்பு, அதே அலகில், 208.5. எனவே முதல் கிளர்வு மட்டத்துக்கும் அடிமட்டத்துக்கும் உள்ள விகிதம்:

x = e^(−214/208.5) ≈ 0.36

இதையே பங்கு என்று எழுதிவிடுவது மாணவர்களிடம் அடிக்கடி காணும் பிழை. மேலுள்ள மட்டங்களிலும் மூலக்கூறுகள் உண்டு. அவை எல்லாவற்றையும் கூட்டிய பகிர்வுச் சார்பால் வகுக்க வேண்டும். மட்டங்கள் சம இடைவெளியில் உள்ளன என்று கொண்டால் அது 1/(1−x). ஆகவே பங்கு x(1−x), அதாவது சுமார் 23%. அடிமட்டத்தில் 64% இருக்கும்.

அயோடினின் கட்புல உட்கவர் நிறமாலையில் கிளர்வு மட்டத்திலிருந்து தொடங்கும் ‘சூடான பட்டைகள்’ அறை வெப்பநிலையிலேயே தெளிவாகத் தெரிவது இதனால்தான். நைட்ரஜனில் இடைவெளி 2330 செ.மீ⁻¹, அங்கே ஏறத்தாழ 70,000 மூலக்கூறுகளுக்கு ஒன்றுதான் கிளர்வுற்றிருக்கும்.