வெள்ளைச் சட்டை அக்குளில் மஞ்சள் கறை.. பிளீச் ஊற்றியும் போகலையா? காரணம் இதுதான்!

மாசக்கணக்கில் போட்ட வெள்ளை காட்டன் சட்டை. காலர் பளிச்சென்று இருக்கும், கையைத் தூக்கினால் அக்குளில் மஞ்சள் தெரியும். உடனே பலரும் பிளீச் ஊற்றி ஊறவைப்பார்கள். அங்கேதான் தப்பு.

வியர்வைக்கு நிறம் கிடையாது. வியர்வையைக் குறைக்கும் ரோல்-ஆனில் உள்ள அலுமினிய உப்பு, வியர்வையின் புரதம், எண்ணெய்ப்பசை எல்லாம் சேர்ந்து நூலுக்குள் படிவதால்தான் பெரும்பாலும் இந்தக் கறை வருகிறது. குளோரின் பிளீச் அந்தப் புரதத்தோடு வினைபுரிந்து மஞ்சளை இன்னும் அழுத்தமாக்கிவிடும்.

இதற்குச் சரியானது, மெடிக்கலில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு. நம்ம ஊரில் பெரும்பாலும் 6 சதவீதக் கரைசல்தான் வரும், லேபிளைப் பாருங்கள். அதில் 2 ஸ்பூன், தண்ணீர் 2 ஸ்பூன், சமையல் சோடா 2 ஸ்பூன், பாத்திரம் கழுவும் லிக்விட் அரை ஸ்பூன் கலக்குங்கள். கையுறை அவசியம். சட்டையை உள்பக்கம் திருப்பித் தடவுங்கள், படிவு அங்கேதான் அதிகம். பழைய டூத் பிரஷால் மெதுவாகத் தேய்த்து, ஒரு மணி நேரம் விட்டு அலசுங்கள்.

பழைய கறை ஒரே தடவையில் போகாது. லேசாக மஞ்சள் தெரிந்தாலும் அயர்ன் பண்ணாதீர்கள், சூட்டில் கறை இறுகிவிடும். மறுபடியும் தடவுங்கள். கலவையை அப்பப்போ புதுசாகத்தான் கலக்கணும், பாட்டிலில் அடைத்து வைத்தால் வாயு சேர்ந்து வெடிக்கலாம். கலர் சட்டைக்கு இது வேண்டாம், சாயம் வெளுக்கும்.

துணியே நைந்து மெலிந்திருந்தால் கறை போனாலும் சட்டை தேறாது. அடுத்த சட்டைக்கு, ரோல்-ஆன் நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள்.