இட்லி மாவின் லைசின் கணக்கு: நான்குக்கு ஒன்று என்பதை மறுவாசித்தல்

நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்ற இட்லி மாவின் அளவை, உளுந்து மிகக் குறைவாக உள்ள கலவை என்றே முந்தைய ஆய்வுகளில் ஒரு பகுதி வாசித்துவந்திருக்கிறது. அந்த வாசிப்பு தானியத்தின் எடையை எண்ணுகிறது. புரதத்தின் எடையை எண்ணவில்லை. பிழை அங்கேதான் தொடங்குகிறது என்பது என் கருத்து.

80 கிராம் அரிசியில் சுமார் 5.6 கிராம் புரதம் இருக்கும். 20 கிராம் உளுத்தம்பருப்பில் 4.8 கிராம் இருக்கும். எடையில் ஐந்தில் ஒன்றாக உள்ள உளுந்து, புரதத்தில் ஏறத்தாழ பாதியைத் தந்துவிடுகிறது. அரிசிப் புரதத்தின் ஒரு கிராமில் லைசின் 36 மில்லிகிராம் என்றும் உளுந்தில் 66 என்றும் கொண்டால், கலவையில் அது சுமார் 50 ஆகிறது. பெரியவர்களுக்கு 2013-இல் உணவு வேளாண் அமைப்பு வைத்த அளவுகோல் 48. அரிசி தனியே தேறாத இடத்தில் மாவு தேறுகிறது. அரிசியின் புரதத்தை 8 விழுக்காடாக உயர்த்திப் பார்த்தேன். அப்போதும் 48-க்குச் சற்று மேலேதான் நிற்கிறது. ரகத்துக்கு ரகம் அளவு மாறும் என்ற ஆட்சேபம் இந்த முடிவைக் கவிழ்க்காது.

அரிசியில் லைசின் ஏன் குறைவு? தானிய விதை, முளைக்கும் நாற்றுக்கான நைட்ரஜனைச் சேமிப்புப் புரதங்களில் அடுக்கிவைக்கிறது. அவற்றுள் புரோலமின் வகை, குளூட்டமினும் புரோலினும் மிகுந்தது. லைசின் அதில் மிகச் சொற்பம். சோளம், மக்காச்சோளம் ஆகியவற்றில் இவ்வகையே மேலோங்குகிறது. அரிசியிலோ குளூட்டெலின்தான் பெரும்பங்கு. அதனாலேயே அரிசி மற்றப் பல தானியங்களைவிடச் சற்று மேலே நிற்கிறது. மக்காச்சோளத்தின் ஒபேக்-2 திரிபு இதற்கு வலுவான சான்று. அதில் லைசின் உயர்ந்ததற்கு முதன்மைக் காரணம், லைசினற்ற சீன் புரதம் குறைந்து மற்றப் புரதங்களின் பங்கு கூடியதுதான் என நான் வாசிக்கிறேன்.

அரிசி உளுந்துக்குக் கந்தக அமினோ அமிலங்களைத் தருகிறது, உளுந்து அரிசிக்கு லைசினைத் தருகிறது என்ற சமன்பாட்டையும் நான் ஏற்கத் தயங்குகிறேன். பெரியவர்களுக்கான கந்தக அளவுகோல் 23; உளுந்து தனியாகவே அதை ஒட்டி நிற்கிறது. இங்கே சுமையின் பெரும்பகுதியைத் தாங்குவது உளுந்துதான்.

சாம்பார் சோற்றுக்கு இதே முடிவைப் பொருத்த முடியாது. 300 கிராம் அரிசிக்கு 30 கிராம் துவரம்பருப்பு என்றால், பருப்பு தரும் புரதம் மொத்தத்தில் கால்பங்குகூட இல்லை. லைசின் 43 அளவில் நின்றுவிடும். செரிமானத்தைக் கணக்கில் எடுத்தால் இட்லியின் எண்ணும் 48-க்குக் கீழே சற்று இறங்கக்கூடும், ஏனெனில் பருப்புப் புரதம் முழுதாகச் செரிப்பதில்லை. ஆனால் ஆவியில் வேகும் இட்லியில், வறுப்பதுபோல் லைசின் சர்க்கரையோடு பிணைந்து வீணாவது குறைவு.