தோணியும் போயித்து: ஓர் உம்மை ஆங்கிலத்துக்குப் போகும் வழி

தமிழின் பேச்சு வழக்குகளுள் ஏட்டுத் தமிழுக்கு மிக நெருங்கி நிற்பது மட்டக்களப்புத் தமிழ் என்று செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில் எழுதினார். அந்த நெருக்கம் இடைச்சொற்களிலும் தெரிகிறது. வாவிக்கரையில் ஒருவர் சாதாரணமாகச் சொல்லும் ‘உம்’, தொல்காப்பிய இடையியல் வகுத்த எட்டுப் பொருளில் ஏதோ ஒன்றைத் தாங்கித்தான் வருகிறது. அந்தப் பேச்சு ஆங்கில அறிக்கையாகவோ வாக்குமூலமாகவோ மாறும்போது முதலில் சிதைவதும் அதுவே.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை நாவலடியையும் கல்லடியையும் அழித்த பின், மக்களின் இழப்புகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டன. அப்படி எழுதும் ஒருவரிடம் ஒரு மீனவர் “தோணியும் போயித்து” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முன்னமே “வீடு போயித்து, வலை போயித்து” என்று சொல்லியிருந்தால் இது எச்ச உம்மை. வேறு இழப்புகளோடு தோணியையும் சேர்க்கிறது, ‘ஓல்சோ’ போதும். தோணியைப் பாதுகாப்பாக உள்ளே வாவிப்பக்கம் இழுத்துக் கட்டியிருந்தும் அது போனது என்றால் இது சிறப்பு உம்மை. தப்பியிருக்க வேண்டியதே தப்பவில்லை என்பது பொருள். அதற்கு ‘ஈவன்’ வேண்டும். தமிழில் இரண்டுக்கும் ஒரே உம்மை. ஆங்கிலத்தில் எழுதுபவர் ஒன்றைத் தெரிந்தெடுத்தே ஆகவேண்டும். ‘ஓல்சோ’ என்று எழுதினால் தோணி பட்டியலில் இன்னொரு பொருளாகிவிடும். அலை எவ்வளவு தூரம் ஏறியது என்ற சாட்சியம் போய்விடும். இதைத் தீர்க்க அகராதி உதவாது. “தோணி எங்கே கட்டியிருந்தது?” என்று அவரையே கேட்கவேண்டும்.

‘தான்’ வேறு விதமான சிக்கல். தொல்காப்பியர் ஏகாரத்துக்குச் சொன்ன பொருள்களில் தேற்றமும் பிரிநிலையும் உண்டு. தேற்றம் உறுதிப்படுத்துவது, பிரிநிலை மற்றவர்களிலிருந்து பிரித்தெடுப்பது. இன்றைய பேச்சில் இந்த இரண்டு வேலையையும் பெரும்பாலும் ‘தான்’ செய்கிறது. ஆங்கில ‘ஒன்லி’ தேற்றத்தைச் செய்யாது. பிரிநிலையிலும் அது தமிழைவிடக் கடுமையானது, மற்றவர்களை அடியோடு விலக்கிவிடும்.

“அவன்தான் வலையை எடுத்தவன்” என்ற வாக்கியத்தைப் பாருங்கள். ‘ஹி ஒன்லி டுக் த நெட்’ என்றால் அவன் எடுத்தது வலை மட்டும், வேறு எதுவும் செய்யவில்லை என்றாகும், குற்றம் சுருங்கிவிடும். ‘ஒன்லி ஹி டுக் த நெட்’ என்றால் வேறு எவரும் எடுக்கவில்லை என்றாகும். கூட நின்றவர்கள் விடுபடுவார்கள். சொன்னவர் இரண்டையும் சொல்லவில்லை. எடுத்தவன் யார் என்ற கேள்விக்கு ஆளைச் சுட்டிக் காட்டினார், அவ்வளவே. ‘இட் வோஸ் ஹி ஹூ டுக் த நெட்’ என்பதே அதற்கு ஈடு. சந்தேகம் வந்தால் வாக்கியத்தை நீட்டிப் பார்க்கலாம். “அவன்தான் எடுத்தவன், தம்பியாரும் சேர்ந்து தூக்கினவர்” என்று தொடர முடிகிறது. “அவன் மட்டும்தான் எடுத்தவன்” என்று தொடங்கினால் அப்படித் தொடர முடியாது. ‘மட்டும்’ வரும் இடமே பெரும்பாலும் ‘ஒன்லி’யின் இடம். ஆனால் “நீங்கள் வந்தால்தான் வேலை நடக்கும்” என்ற நிபந்தனையில் ‘தான்’ தனியாகவே ‘ஒன்லி இஃப்’ ஆகிவிடுகிறது. அதே சொல்லில் உம்மை ஏறி “வந்தாலும்” ஆனால் ‘ஈவன் இஃப்’.

நம் சங்கங்களின் கூட்டக் குறிப்புகளில் இதைவிட ஆபத்தான ஓர் உம்மை உண்டு. “பத்துப் பேரும் வரவில்லை.” முற்றும்மை சில இடங்களில் எச்சப் பொருளும் தரும் என்று தொல்காப்பியம் தனியாகவே சொல்கிறது. எதிர்மறையோடு சேரும்போது அது நன்றாகத் தெரியும். ஒருவரும் வரவில்லை என்றும் கொள்ளலாம். சிலர் வந்தார்கள், பத்தும் நிறையவில்லை என்றும் கொள்ளலாம். பேசும்போது குரல் வேறுபடுத்திக் காட்டிவிடும். எழுத்தில் குரல் இல்லை. ஆங்கிலத்திலோ ‘நன் ஒஃப் த டென்’, ‘நொட் ஓல் டென்’ என்று இரண்டும் வெவ்வேறு. கூட்டம் நடக்கத் தேவையான வருகை இருந்ததா என்பதே இதனால் மாறிவிடக்கூடும். உரையாசிரியர்கள் நூற்றாண்டுகளுக்கு முன் கண்ட இந்த இரட்டைப் பொருளை நாம் பள்ளியில் இலக்கணக் குறிப்பாகப் படித்துவிட்டு, கையெழுத்திடும் தாளில் மறந்துவிடுவது எனக்குப் பெரிய வருத்தம்.

ஆகவே அறிக்கை எழுதும் செயலாளர்களுக்கும் வாக்குமூலம் பதிவு செய்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மொழிபெயர்ப்பாளர் கைக்குப் போகுமுன் தமிழிலேயே பிரித்து எழுதுங்கள்: “பத்துப் பேரில் ஒருவரும் வரவில்லை” அல்லது “பத்துப் பேரில் சிலரே வந்தனர்.”