நாற்றத்தை யாரும் முகத்துக்கு நேரா சொல்ல மாட்டாங்க

உங்க மேல வியர்வை நாற்றம் வந்தா ஆபீஸ்ல பக்கத்து சீட்காரர் சொல்வாரா? மாட்டார். நாற்காலியை மெல்லத் தள்ளிப் போட்டுக்குவார். இந்த மௌனத்தை வெச்சே காசு பார்த்த கதை இது.

ஆபரேஷன் நேரத்தில் கை வியர்க்காமலிருக்க, அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஒரு சர்ஜன் அலுமினியம் குளோரைடு திரவம் தயாரித்தார். மகள் எட்னா மர்ஃபி அதையே அக்குளுக்கு 'ஓடோரோனோ' என்று விற்றார். அமிலம் கலந்ததால் தோல் எரிந்தது, துணி பாழானது. (அதே உப்பைத்தான் இன்றும் அதிக வியர்வைக்கு எழுதித் தருகிறோம்!)

1919இல் விளம்பர எழுத்தாளர் ஜேம்ஸ் யங் ரூட்டை மாத்தினார். உங்க நாற்றம் உங்களுக்கே தெரியாது, மத்தவங்களும் சொல்லாம ஒதுக்கிடுவாங்க என்ற பயத்தைப் பெண்கள் பத்திரிகையில் விதைத்தார். சுமார் 200 பேர் கோபத்தில் சந்தாவை நிறுத்தினாங்க. ஆனா விற்பனை அடுத்த வருஷமே இருமடங்கைத் தாண்டியது.

பயமுறுத்தல்தான், ஆனாலும் பாதி உண்மை. மூக்கு சொந்த வாடைக்குப் பழகிடும். அதனால கழற்றிய சட்டையை, வெளியே கொஞ்சம் நடந்துட்டு வந்து முகர்ந்து பாருங்க.