ஒரு தோட்டத்தின் பெயரும் மூன்று எழுத்துகளும்



தெருவுக்குத் தெரு கிரிக்கெட் அணி தொடங்குகிற பிள்ளைகள் பெயர் வைப்பதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறார்கள். லயன்ஸ், டைகர்ஸ், ராக்ஸ்டார்ஸ் என்று பட்டியல் நீள்கிறது. ஒரு பெயர் எப்படி ஒரு கூட்டத்துக்குச் சொந்தமாகிறது என்பதற்குக் கொல்கத்தாவில் நல்ல உதாரணம் இருக்கிறது. அதைப் பற்றி இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வட கொல்கத்தாவில் ஃபரியாபுகூர் என்ற பகுதி. அங்கே கீர்த்தி மித்ரா என்ற செல்வந்தருக்குப் பெரிய பளிங்கு மாளிகை ஒன்று இருந்தது. அதன் பெயர் மோகன் பாகான் வில்லா. வங்காளியில் 'பாகான்' என்றால் தோட்டம். நம் ஊரில் தோப்பு, தோட்டம் என்று முடிகிற இடப்பெயர்கள் இல்லையா, அதைப் போல. மனம் மயக்கும் தோட்டம் என்று பொருள் சொல்லலாம். அந்த மாளிகைத் திடலில் அக்கம்பக்கத்து இளைஞர்கள் கால்பந்து ஆடினார்கள்.

1889 ஆகஸ்ட் 15 அன்று அந்தப் பகுதிப் பெரியவர்கள் கூடி ஒரு கிளப் தொடங்கினார்கள். முதல் தலைவர் பூபேந்திரநாத் போஸ். பின்னாளில், 1914-ல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் இவர்தான். மித்ரா, போஸ், சென் என்ற மூன்று குடும்பங்கள் அந்தக் கிளப்புக்குப் பின்னால் இருந்தன. மூன்றும் வசதியும் செல்வாக்கும் உள்ளவை. நினைத்திருந்தால் தங்கள் குடும்பப் பெயரையோ, ஒரு துரையின் பெயரையோ வைத்திருக்கலாம். ஆனால் பிள்ளைகள் விளையாடிய இடத்தின் பெயரையே வைத்தார்கள்: மோகன் பாகான் ஸ்போர்ட்டிங் கிளப்.

அடுத்த ஆண்டு, முதல் ஆண்டு விழாவுக்குப் பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ரோ வந்திருந்தார். இங்கே தூண்டில் போட்டு மீன் பிடிப்பது, துப்பாக்கி சுடுவது போன்றவை உண்டா என்று கேட்டார். இல்லை என்றார்கள். அந்தக் கால ஆங்கிலேயருக்கு 'ஸ்போர்ட்' என்றால் வேட்டையும் மீன்பிடிப்பும்தான் முதலில் நினைவுக்கு வரும். அப்படியானால் 'ஸ்போர்ட்டிங்' பொருந்தாது, 'அத்லெடிக்' என்று வையுங்கள் என்றார். மாற்றினார்கள். கவனியுங்கள், பின்பாதியைத் திருத்தினார்களே தவிர, முன்பாதியைத் தொடவில்லை.

சில ஆண்டுகளிலேயே கிளப் அந்தத் திடலை விட்டு வேறு இடங்களுக்குப் போய்விட்டது. பெயர் மட்டும் கூடவே போனது. 1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதிப் போட்டியில் கிழக்கு யார்க்ஷயர் ரெஜிமென்ட் அணியை 2-1 என்று வென்றார்கள். ஒருவரைத் தவிர மற்றவர் எல்லாரும் வெறுங்காலோடு ஆடினார்கள். வெள்ளைக்காரப் பட்டாளத்தை வென்ற முதல் இந்தியச் சாம்பியன்கள் என்று நாடே கொண்டாடியது. அன்று ஆடியவர்களில் பலர் அந்தத் தெருக்காரர்களே அல்ல, வங்காளத்தின் கிழக்கு மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். ஒரு தோட்டத்தின் பெயர் ஒரு மாகாணத்துக்கே பெயராகிவிட்டது.

அதே நகரத்தில் வேறு வழியில் பெயர் பெற்ற கிளப்களும் உண்டு. முஸ்லிம் இளைஞர்கள் 1887-ல் ஒரு கிளப் தொடங்கினார்கள். அது விக்டோரியா ராணியின் பொன்விழா ஆண்டு, கிளப்பின் பெயரும் ஜூபிளி கிளப். பிறகு கிரெசன்ட் ஆனது, ஹமீதியா ஆனது, 1891-ல் முகமதன் ஸ்போர்ட்டிங் என்று நிலைத்தது. ராணியின் விழாவில் தொடங்கி, 'நாங்கள் யார்' என்ற பதிலில் வந்து நின்றது அந்தப் பெயர். 1934 முதல் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கல்கத்தா லீக்கை வென்றதும் அந்தப் பெயரில்தான்.

மூன்றாவது, ஈஸ்ட் பெங்கால். 1920 ஜூலை இறுதியில் மோகன் பாகானுக்கு எதிரான ஒரு போட்டியில் ஜோராபாகான் கிளப், சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரரை ஆடவிடவில்லை. அவர் கிழக்கு வங்காளத்துக்காரர். அந்தக் கிளப்பின் துணைத்தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி கோபித்துக்கொண்டு வெளியேறினார். சில நாட்களிலேயே, ஆகஸ்ட் 1 அன்று, புதிய கிளப் பிறந்தது. மனக்குறையே பெயரானது. 1947 பிரிவினைக்குப் பிறகு கிழக்கிலிருந்து அகதிகளாக வந்தவர்களுக்கு, விட்டுவந்த மண்ணின் பெயர் மைதானத்தில் இருந்தது. வைத்தவர்கள் இப்படி ஒரு நாள் வரும் என்று நினைத்திருக்க முடியாது. பெயரை வைப்பவர் ஒருவர், அதற்குப் பொருள் தருபவர் பின்னால் வருகிறவர்கள்.

இனி, மூன்று எழுத்துகளின் கதை.

2020-ல் மோகன் பாகானின் கால்பந்து அணி ஒரு பெரிய நிறுவனக் குழுமத்துடன் இணைந்தது. 80 விழுக்காடு பங்கு நிறுவனத்துக்கு. பணமில்லாமல் தேசிய அளவிலான லீக்கில் ஆட முடியாத நிலை, அதை மறுப்பதற்கில்லை. பச்சை–மெரூன் சட்டை அப்படியே இருந்தது, சின்னத்தில் பாய்மரப் படகும் இருந்தது. ஆனால் அணியின் பெயர் 'ஏடிகே மோகன் பாகான்' ஆனது.

விளம்பரதாரர் பெயரை முன்னால் போடுவது அங்கே புதிதல்ல. 1998-ல் ஒரு மதுபானக் குழுமம் மோகன் பாகானிலும் ஈஸ்ட் பெங்காலிலும் பங்கு வாங்கி, இரண்டுக்கும் தன் சரக்குகளின் பெயரை முன்னொட்டாக வைத்தது. ஆனால் ஏடிகே என்பது ஒரு பொருளின் பெயர் அல்ல. 2014-ல் அதே நகரத்தில், ஸ்பெயினின் அத்லெடிகோ மாட்ரிட் கிளப்போடு கூட்டாகத் தொடங்கிய இன்னொரு அணியின் பெயர். கடைப்பெயரை ரசிகன் படிக்காமல் தாண்டிவிடுவான். இன்னொரு அணியின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் படிக்கும்போது, தன்னை வேறொருவர் குடும்ப அட்டையில் சேர்த்துவிட்டதைப் போல இருக்கும். 'ஏடிகேயை நீக்கு' என்ற முழக்கம் பதாகைகளிலும் இணையத்திலும் எழுந்தது. ஆண்டுகள் போயும் ஓயவில்லை.

2023 மார்ச் 18 அன்று கோவாவில் பெங்களூரு அணியைப் பெனால்டி முறையில் வென்று அந்த அணி கோப்பையைத் தூக்கியது. அன்றிரவே உரிமையாளர் அறிவித்தார், அந்த மூன்று எழுத்துகள் போகும் என்று. இப்போது பெயர் மோகன் பாகான் சூப்பர் ஜயண்ட். நிறுவனம் தன் லக்னோ கிரிக்கெட் அணிக்கு வைத்த பெயரின் வால் இதில் ஒட்டியிருக்கிறது. முழு வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனால் 'மோகன் பாகான்' மறுபடி முதலில் நிற்கிறது. 1890-ல் பேராசிரியர் ரோ பின்பாதியை மாற்றியபோது யாரும் சண்டை போடாததும், முன்னால் மூன்று எழுத்து வந்தபோது கொதித்ததும் ஒரே காரணத்தால்தான். எந்தச் சொல்லை வைத்து உங்களை அழைக்கிறார்களோ, அதுதான் பெயர்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் அணி தொடங்கினால் இதைச் சொல்லுங்கள். சிங்கம், புலியெல்லாம் எல்லா ஊரிலும் உண்டு. அவர்கள் ஆடுகிற குளக்கரைக்கோ, களத்துமேட்டுக்கோ, பழைய மில் திடலுக்கோ ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கும். முதலில் அதைக் கேட்டுப் பார்க்கட்டும். நாளைக்குத் திடலில் வீடு கட்டிவிட்டாலும் அந்தப் பெயர் அவர்களோடு இருக்கும். சட்டைக்குப் பணம் தருகிற கடைக்காரர் பெயரை முதுகில் பெரிதாகவே போடலாம், நன்றிக்கடன் அது. அணியின் பெயருக்கு முன்னால் மட்டும் போட வேண்டாம்.

உங்கள் ஊர்ப் பக்கம் இப்படி இடப்பெயரிலேயே நிலைத்துவிட்ட அணிகள் இருந்தால், கபடியானாலும் சரி, வாலிபாலானாலும் சரி, பெயரையும் அது வந்த கதையையும் கீழே எழுதுங்கள். படித்துத் தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறேன்.